இரண்டு மூலங்களில் எது விடை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கல்லூரி மாணவர்களுக்கு நிகழ்தகவு கற்பிக்கும் நான், ஒவ்வொருவரும் தற்செயலான எண்ணிக்கையில் வாரிசுகளை விட்டுச்செல்ல ஒரு வழி தலைமுறை தலைமுறையாகப் பெருகுவதையோ அற்றுப்போவதையோ ஆராயும் கிளைத்தல் செயல்முறைப் பாடத்தை வருகைப்பதிவேட்டிலிருந்தே தொடங்குவது வழக்கம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலிலும் அதற்குப் பின் வந்த கப்பல்களிலும் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் பெயர்கள் பலவும் இங்கே குடும்பப்பெயர்களாக நிலைத்துவிட்டன. மகன்கள் வழியாக மட்டுமே பெயர் தொடரும் என்று கொண்டால், ஒரே மனிதரோடு வந்திறங்கிய பெயர் என்றேனும் ஒருநாள் அற்றுப்போகும் நிகழ்தகவு என்ன? 1873இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் எழுப்பிய கேள்வியும் இதுதான்.

வகுப்புக்காக நான் எடுத்துக்கொள்ளும் எண்கள் கற்பனையானவை: ஒருவருக்கு மகன் இல்லாதிருக்க 1/4, ஒரு மகன் இருக்க 1/4, இரண்டு மகன்கள் இருக்க 1/2. இவற்றைக் கெழுக்களாக வைத்தால் நிகழ்தகவு உருவாக்கும் சார்பு கிடைக்கிறது:

f(s) = 1/4 + s/4 + s²/2

பெயர் அற்றுப்போகும் நிகழ்தகவு q என்க. இரண்டு மகன்கள் இருந்தால் இருவர் வழியும் தனித்தனியே அற்றுப்போக வேண்டும் என்பதால் அந்த நிகழ்தகவு q². ஒரு மகன் என்றால் q. மகனே இல்லையென்றால் 1. இவற்றைச் சேர்த்தால் q = f(q), அதாவது 2q² − 3q + 1 = 0. மூலங்கள் 1, 1/2.

விடைத்தாள்களில் தடுமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. நிகழ்தகவுகளின் கூடுதல் 1 என்பதால் s = 1 எப்போதுமே ஒரு மூலமாக வந்து நிற்கும்; அதையே விடையாக எழுதிவிடுகிறார்கள். கால்டனின் கேள்விக்கு விடை தேடிய கணிதவியலாளர் வாட்சனும் 1874இல் இதே மூலத்தைப் பிடித்துக்கொண்டு, எல்லாக் குடும்பப்பெயர்களும் அற்றே தீரும் என்ற முடிவுக்கு வந்தார். சராசரி மகன்கள் 1.25 என்று கணக்கிட்டு, அது 1-ஐவிடப் பெரியது, ஆகவே பெயர் நிச்சயம் நிலைக்கும் என்று எழுதுபவர்களும் உண்டு. முதல் தலைமுறையிலேயே 1/4 நிகழ்தகவோடு பெயர் முடிந்துவிடக்கூடும் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

ஆகவே சமன்பாட்டைத் தீர்ப்பதற்கு முன் தலைமுறை தலைமுறையாகக் கணக்கிடச் சொல்கிறேன். n-ஆம் தலைமுறைக்குள் பெயர் அற்றிருக்கும் நிகழ்தகவைப் பெற, முந்தைய தலைமுறைக்குரிய மதிப்பை f-க்குள் இட்டால் போதும். 0-வில் தொடங்கினால் 0.25, 0.344, 0.395, 0.427 என்று மதிப்புகள் ஏறுகின்றன. f ஏறுமுகச் சார்பு. தொடக்க மதிப்பான 0 எதிர்மமல்லாத எந்த மூலத்தையும் தாண்டியதன்று. ஆகவே அதன்மேல் f-ஐ எத்தனை முறை செயல்படுத்தினாலும் மதிப்பு அந்த மூலத்தைத் தாண்டாது. ஏறிச்சென்று சேரும் இடமும் ஒரு மூலமாகவே இருக்க வேண்டும் என்பதால், அது எதிர்மமல்லாத மூலங்களில் மிகச் சிறியதாகிய 1/2. இந்தப் படியை மனப்பாடமாக அல்லாமல் காரணத்தோடு எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் தர நான் தயங்குவதில்லை.

ஒரே பெயரை உறவில்லாத பத்துப் பேர் கொண்டுவந்திருந்தால், பத்து வழிகளும் அற்றுப்போகும் நிகழ்தகவு (1/2)¹⁰, அதாவது 1/1024. கோவெண்டர், பிள்ளை போன்ற பெயர்கள் ஒரே ஒருவரோடு வந்தவை அல்ல என்பதை மாணவர்கள் இங்கே தாமாகவே சொல்வார்கள். ஆனால் அந்தப் பத்துப் பேரும் ஒரே தோட்டத்தில் ஒரே நோய்க்கோ பஞ்சத்துக்கோ ஆளாகியிருந்தால் அவர்களுடைய வழிகள் சார்பற்றவை ஆகமாட்டா. அப்போது பெருக்கிப் பெற்ற 1/1024-ஐ நம்ப முடியாது.