40 மணி நேரம் என்று எழுதியிருந்த ஒரு வரி

எங்கள் பழைய உறுப்பினர் தளத்தைப் புதிதாகக் கட்டும் வேலையை வெளியே கொடுத்தபோது, மொத்தமாக விலை பேசி ஃபிக்ஸட் பிரைஸ் ஒப்பந்தம்தான் போட வேண்டும் என்று வற்புறுத்தியவன் நான். செலவு எவ்வளவு என்று முதல் நாளே தெரிந்துவிடும், நிதிப் பிரிவுக்குப் பதில் சொல்வது எளிது என்று நினைத்தேன். வேலையை எடுத்த குழு 600 மணி நேரம் என்று கணக்குப் போட்டது. அதில் பழைய தரவை மாற்றுவதற்கு 40 மணி நேரம். ஒப்பந்தத்தில் அதற்கென்று இருந்தது ஒரே வரி: "பழைய தளத்தின் உறுப்பினர் தரவு புதிய தளத்துக்கு மாற்றித் தரப்படும்."

அந்த வரியை எழுதிய நேரத்தில் இரு தரப்பிலும் ஒருவர்கூடப் பழைய தரவுத்தளத்தைத் திறந்து பார்த்திருக்கவில்லை. திறந்த பிறகுதான் தெரிந்தது, ஒரே மின்னஞ்சலில் மூன்று நான்கு கணக்குகள் இருந்தன. தேதிகள் சில பதிவுகளில் நாள் முன்னால், சிலவற்றில் மாதம் முன்னால். 03/04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று பதிவைப் பார்த்து மட்டும் சொல்ல வழியில்லை.

"சார், ஒரே ஆளோட கணக்குகளைக் கண்டுபிடிச்சு இணைக்கிறது மைக்ரேஷன்ல வராது. அது சேஞ்ச் ரெக்வெஸ்ட், தனியா காசு கட்டணும்" என்றார் அவர்களுடைய புராஜெக்ட் மேனேஜர். மாற்றித் தருவது என்றால் பயன்படுத்தும்படி மாற்றித் தருவதுதானே என்று நான் வாதாடினேன். அந்த வரியை இரண்டு விதமாகவும் படிக்கலாம். மூன்று வாரம் மின்னஞ்சலிலேயே போனது. கடைசியில் அந்த வேலை 130 மணி நேரம் பிடித்தது. கூடுதலான 90 மணி நேரத்தில் பாதியை நாங்கள் ஏற்றோம், பாதியை அவர்கள் சுமந்தார்கள்.

அவர்கள் சுமந்த அந்த 45 மணி நேரம் எங்கே போனது என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். மொத்த விலையில் ஒவ்வொரு கூடுதல் மணியும் அவர்கள் லாபத்திலிருந்தே கழிகிறது. அதனால் அதை வேறு இடத்தில் மிச்சம் பிடிக்க வேண்டியிருந்தது. அனுபவமுள்ள டெவலப்பர் வேறு வேலைக்குப் போனார், புதியவர் ஒருவர் வந்தார். புதிய திரைகள் வாராவாரம் வந்தன, ஆனால் தானியங்கி டெஸ்டுகளின் எண்ணிக்கை ஆறு வாரமாக அப்படியே நின்றது. அவர்கள் நிரலைச் சேமித்துவைக்கும் ரெபாசிட்டரியைத் திறந்திருந்தால் முதல் இரண்டு வாரத்திலேயே எனக்குத் தெரிந்திருக்கும். நான் டெமோவை மட்டும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த ஒப்பந்தத்தின் கீழ் அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

இரண்டாம் கட்டத்தில் ஆர்டர் வரலாற்றை மாற்ற வேண்டியிருந்தது. இந்த முறை டைம் அண்ட் மெட்டீரியல், அதாவது உழைத்த மணிக்குக் கூலி. ஆனால் வரம்பில்லாமல் விடவில்லை. முதலில் 30 மணி நேரம் மட்டும் கொடுத்து, 1,000 பதிவுகளை ஒத்திகையாக மாற்றிப் பார்க்கச் சொன்னோம். அந்த அனுபவத்தை வைத்து மீதி வேலைக்கு 120 மணி நேரம் என்று மதிப்பிட்டார்கள். எங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல், ஒத்திகையையும் சேர்த்து மொத்தம் 150ஐத் தாண்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதினோம்.

வெள்ளிக்கிழமைதோறும் ஓர் அட்டவணை வரும். செலவான மணிகளை விட, "இன்னும் எத்தனை மணி வேண்டும்" என்ற பத்தியைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அதை வேலை செய்பவரே வாராவாரம் புதிதாக மதிப்பிட வேண்டும், மொத்தத்திலிருந்து செலவைக் கழித்து எழுதினால் அதற்குப் பொருளே இல்லை. மூன்றாம் வாரம் செலவு 70, மீதி 90 என்று வந்தது. கூட்டினால் 160. வரம்பைத் தாண்டப் போகிறது என்பது பாதி வழியிலேயே கண்ணில் பட்டுவிட்டது.

அன்று மாலையே உட்கார்ந்து பேசினோம். ரத்தான பழைய ஆர்டர்களின் பொருள் விவரங்கள்தான் நேரத்தைத் தின்றன. ஏழு ஆண்டுக்கு முந்தைய ஆர்டர்களைப் புதிய அமைப்புக்குள் கொண்டுவராமல், படிக்க மட்டும் முடிகிற தனிக் காப்பகமாக வைத்தால் போதும் என்று எங்கள் வாடிக்கையாளர் சேவைக் குழு சொன்னது. வேலை 142 மணி நேரத்தில் முடிந்தது. எதை விடுவது என்று இந்த முறை நாங்களே தெரிந்து முடிவெடுத்தோம்.

இதற்கு நான் கொடுத்த விலை என் நேரம். வாரத்துக்கு ஆறு மணி நேரம் அவர்களோடு செலவானது. கேள்விக்கு அன்றே பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் மணிக்கணக்கு ஒப்பந்தத்தைப் போடச் சொல்ல எனக்குத் துணிவு வராது, காத்திருக்கும் நேரமும் பில்லில் ஏறும்.

அதே மாதம் பேமெண்ட் கேட்வே இணைப்பை ஃபிக்ஸட் பிரைஸில்தான் கொடுத்தோம். அதில் என்ன உள்ளே போகும், என்ன வெளியே வரும் என்பது கேட்வேயின் ஆவணத்திலேயே இருந்தது. ஏற்புக்கு என்ன சோதிப்போம் என்பதையும் வரிவரியாக எழுதினோம்: பணம் கழிந்து பதில் வராமல் போனால், ஒரே பொத்தானை இருமுறை அழுத்தினால், பாதித் தொகையைத் திருப்பித் தந்தால் என்ன நடக்க வேண்டும் என்பதுவரை. ஒரு சேஞ்ச் ரெக்வெஸ்ட்கூட வரவில்லை.