முதல் உலகப் போரின் இந்தியச் சிப்பாய்களைப் பற்றி ஆய்வேடு எழுதுவோருக்கு

முதுகலை வரலாற்றின் இறுதிப் பருவத்தில், முதல் உலகப் போரில் பங்கேற்ற இந்தியச் சிப்பாய்களைப் பற்றி, படைத்தளபதிகளின் நோக்கிலிருந்து அல்லாமல் கீழிருந்து எழுதப்படும் வரலாறாக ஓர் ஆய்வேட்டை எழுதினேன். அதன் பின்னர் இதே பொருளை எடுக்கும் இளைய மாணவர்கள் சிலர் அவ்வப்போது என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே சேர்த்து எழுதுகிறேன். சிப்பாய் ஏன் போருக்குப் போனார், அங்கே என்ன பட்டார் என்பவற்றை எந்தச் சான்றைக் கொண்டு எவ்வளவு தூரம் சொல்லலாம் என்பதே அந்தக் கேள்விகளுள் முதன்மையானது.

முதலில் எல்லையைச் சுருக்க வேண்டும். அந்தப் போரில் பணியாற்றிய இந்தியர்கள், தொழிலாளர் படையினரையும் சேர்த்து, 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்கள் பிரான்சு, மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்கா, கலிப்போலி, பாலஸ்தீனம் என்று சிதறிக் கிடந்தார்கள். இவர்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு நோக்கத்தைத் தேடுபவர் பொதுவான சொற்களைத்தான் கண்டெடுப்பார். நான் எடுத்துக்கொண்டது, லாகூர், மீரட் டிவிஷன்கள் 1914 செப்டம்பர் இறுதியில் மார்செய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கியது முதல், அவற்றின் காலாட்படை 1915 இறுதியில் பிரான்சை விட்டு வெளியேறியது வரையிலான காலம். இந்தக் குறுகிய காலத்துக்குச் சிப்பாய்களின் சொற்கள் வியக்கத்தக்க அளவில் எஞ்சியிருக்கின்றன. தமிழ்நாட்டு மாணவர்கள் பலரும் இதில் தமிழர் எங்கே என்று கேட்பார்கள். சில சமூகத்தவரே போருக்கு ஏற்றவர்கள் என்ற ‘போர்க்குடிகள்’ கோட்பாட்டின்படி ஆள் சேர்ப்பு வடமேற்கை நோக்கி நகர்ந்து, சென்னை ரெஜிமென்ட்கள் அதற்கு முன்பே குறைக்கப்பட்டிருந்தன. 1914இல் பிரான்சுக்குச் சென்ற காலாட்படையில் அவை இல்லை. தமிழரைப் பற்றி எழுத விரும்புபவர் மெசபடோமியாவையும் சென்னை சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையையும் எடுத்துக்கொள்வதே சரி.

சான்றுகளில் முதன்மையானவை இந்தியத் தபால் தணிக்கையாளரின் அறிக்கைகள். இவை லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா அலுவலக ஆவணங்களில், `IOR/L/MIL/5/825` முதல் `IOR/L/MIL/5/828` வரையிலான எண்களில் உள்ளன. தேர்ந்தெடுத்த கடிதங்கள் அச்சு நூலாகவும் வந்திருப்பதால் லண்டனுக்குப் போகாமலே வேலையைத் தொடங்கிவிடலாம். தணிக்கை அலுவலகத்தின் முதல் தலைவர் ஈவ்லின் ஹோவெல் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. வாரந்தோறும் ஆயிரக்கணக்கான கடிதங்கள் அங்கே வந்தன. அவற்றிலிருந்து சுமார் நூறு கடிதங்களின் பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, சிப்பாய்களின் மனநிலை பற்றிய தம் குறிப்போடு அவர் மேலிடத்துக்கு அனுப்பினார். மூலக் கடிதங்கள் உரியவர்களுக்குப் போய்விட்டன. நமக்குக் கிடைப்பவை இந்த ஆங்கிலப் பகுதிகள்தாம்.

ஒரு கடிதத்தை மேற்கோள் காட்டுவதற்கு முன், அது எத்தனை கைகளைக் கடந்து வந்தது என்பதை எண்ணிப் பார்க்கும்படி என் வழிகாட்டி வற்புறுத்தினார். ஆய்வேட்டின் முதல் இயல் முழுவதும் அந்த எண்ணிக்கையால்தான் நிறைந்தது. சிப்பாய்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். படையிலோ மருத்துவமனையிலோ இருந்த, எழுதத் தெரிந்த ஒருவர் அவர்கள் சொல்வதைக் கேட்டு, கடிதம் எழுதும் வழக்கமான முகமன்களோடு எழுதிக் கொடுத்தார். ஊரில் அதை வேறொருவர் பலர் கேட்க வாசிப்பார் என்பதும் சொல்பவருக்குத் தெரியும். ரெஜிமென்ட் அதிகாரி ஒருமுறை பார்த்தார், ஹோவெலின் அலுவலகம் மறுபடி பார்த்தது, அதன் பிறகே மொழிபெயர்ப்பும் தேர்வும் நடந்தன. இந்தத் தேர்வில் ஒரு கோணல் உண்டு. படையின் மனத்தளர்வை அளப்பதே அறிக்கையின் நோக்கம் என்பதால், கவலைக்குரிய கடிதங்களும் ஆர்வமூட்டும் கடிதங்களும் அதிகம் இடம்பெற்றன; நிலத் தகராறையும் மாட்டு விலையையும் மட்டும் பேசிய கடிதங்கள் குறைவாகவே இடம்பெற்றன. ஆகவே, இந்தத் தொகுப்பில் இத்தனை விழுக்காட்டினர் மனம் உடைந்திருந்தார்கள் என்று கணக்குப் போடுவது செல்லாது.

அதற்காக இந்தக் கடிதங்களைப் பயனற்றவை என்று ஒதுக்கவும் கூடாது. தணிக்கை இருப்பதைச் சிப்பாய்கள் அறிந்திருந்ததே நமக்கு ஒரு சான்று. கருமிளகு தீர்ந்துகொண்டே வருகிறது, செம்மிளகு குறைவாகவே செலவாகிறது என்ற வகையில் எழுதிய கடிதங்கள் உண்டு. கருமிளகு இந்தியப் படையினர், செம்மிளகு வெள்ளையர். இப்படி எழுதியவர் தம் படை எவ்வாறு செலவழிக்கப்படுகிறது என்பதைக் குறித்து ஒரு கருத்தை உருவாக்கி, அதை வெளிப்படையாகச் சொல்வதன் விளைவையும் எடைபோட்டிருக்கிறார். இந்தக் குறியீடு அதிகாரிகளுக்கு விரைவிலேயே புரிந்துவிட்டது என்பது வேறு விஷயம். 1915 சனவரியில் ஹோவெல் எழுதிய குறிப்பொன்று இன்னும் சுவையானது: கடிதங்களில் கவிதை பாடத் தொடங்குவோரின் எண்ணிக்கை கூடிவருகிறது என்றும், அது மன அமைதியின்மையின் தீய அறிகுறியாகத் தமக்குப் படுகிறது என்றும் அவர் கவலைப்பட்டார். அதே மாதம் காயமுற்ற ஒருவர், இதைப் போர் என்று எண்ண வேண்டாம், இது உலகத்தின் முடிவு என்று உறவினருக்கு எழுதி, மகாபாரதப் போரை நினைவுகூர்ந்தார். பயிற்சியும் அனுபவமும் பெற்ற படைவீரருக்குக்கூடப் பீரங்கிப் போரைச் சொல்ல இதிகாசத்தைத் தவிர வேறு அளவுகோல் கைவசம் இல்லை என்பதை இந்த வரி காட்டுகிறது.

நோக்கத்தைப் பற்றி எழுதும்போது மாணவர்கள் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். படையில் ஏன் சேர்ந்தார், போரில் ஏன் முன்னேறினார், ஏன் ஓடிப்போகாமல் நின்றார் என்பவை மூன்று வேறு கேள்விகள். 1914இல் பிரான்சில் இறங்கியவர்கள் போருக்கு முன்பே படையில் இருந்தவர்களும் ரிசர்வில் இருந்து அழைக்கப்பட்டவர்களும் ஆவர்; எனவே அவர்கள் சேர்ந்ததற்கான காரணத்தை உலகப் போரில் தேட முடியாது. மாதம் 11 ரூபாய்ச் சம்பளம், ஓய்வூதியம், நிலம் கிடைக்கும் என்ற நம்பிக்கை, தந்தையும் சிற்றப்பனும் பணியாற்றிய அதே ரெஜிமென்ட், ஊரில் அது தரும் மதிப்பு ஆகியவை அந்தக் கேள்விக்கான விடைகள். கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் இஸ்ஸத், அதாவது மானமும் மதிப்பும், மற்ற இரண்டு கேள்விகளைச் சேர்ந்தது. அரசருக்கு விசுவாசம் என்ற சொற்கள் வரும்போது, அவை தணிக்கையாளருக்காகச் சொல்லப்பட்டவையா, பேச்சு வழக்கா, உண்மையா என்பதை அந்த ஒரு கடிதத்திலிருந்து முடிவு செய்ய இயலாது.

இதை விளக்க நான் எடுத்துக்கொண்டது அஃப்ரிதி என்ற பத்தான் குலத்தைச் சேர்ந்த மிர் மஸ்த், மிர் தஸ்த் என்ற சகோதரர்களின் கதை. அஃப்ரிதிகளின் நிலம் பிரிட்டிஷ் நேரடி ஆட்சிக்கு அப்பால், வடமேற்கு எல்லைக்கு வெளியே இருந்தது. இருவரும் ஜமேதார்கள், அதாவது இளநிலை இந்திய அதிகாரிகள். 58ஆம் வான்ஸ் ரைஃபிள்ஸைச் சேர்ந்த மிர் மஸ்த், நவ் ஷாபேல் போருக்குச் சில நாட்களுக்கு முன், 1915 மார்ச் தொடக்கத்தில், பத்துக்கும் மேற்பட்ட ஆட்களுடன் இரவில் ஜெர்மானியர் பக்கம் போய்விட்டார். எட்டு வாரங்கள்கூடக் கழியவில்லை. ஏப்ரல் 26 அன்று ஈப்ர் அருகே நச்சுவாயுத் தாக்குதலுக்கு இடையே மிர் தஸ்த் தம் ஆட்களை வழிநடத்தி, வெள்ளை அதிகாரிகள் எவரும் எஞ்சாத நிலையிலும் களத்தில் நின்று, காயமுற்ற எட்டு அதிகாரிகளை மீட்க உதவியதற்காக விக்டோரியா கிராஸ் பெற்றார்.

ஒருவர் துரோகி, மற்றவர் விசுவாசி என்று எழுதி முடிப்பதற்கு இந்தக் கதை மிக வசதியாக இருக்கிறது. தேர்வு விடைகளிலும் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. பிரைட்டன் மருத்துவமனையிலிருந்து மிர் தஸ்த் எழுதிய கடிதத்தில், விக்டோரியா கிராஸ் மிக நல்ல பொருள்தான், ஆனால் இந்த வாயு எனக்கு ஓய்வு தரவில்லை, என்னை முடித்துவிட்டது என்கிறார். ஆகஸ்டில் அரசர் அவருக்கு விருதை அணிவித்தபோது, ஒருமுறை காயமுற்றவனை மறுபடி பதுங்குகுழிக்கு அனுப்பக் கூடாது என்று அவர் வேண்டியதாக இன்னொரு இந்தியரின் கடிதம் சொல்கிறது. குணமானவர்களைத் திரும்பக் களத்துக்கு அனுப்பியதுதான் அந்த ஆண்டு முழுவதும் கடிதங்களில் ஒலித்த மிகக் கசப்பான குறை. மிக உயர்ந்த விருதைப் பெற்றவரே அந்தக் குறையைச் சொன்னார் என்றால், வீரமும் அதிருப்தியும் ஒரே மனிதரிடம் சேர்ந்து இருந்தன என்றாகிறது.

மிர் மஸ்த் ஏன் போனார் என்பதற்கு அவருடைய வாய்மொழி நம் கையில் இல்லை. உஸ்மானிய சுல்தானின் புனிதப் போர் அறைகூவல் 1914 நவம்பரில் வந்திருந்தது. அவருடைய ஊருக்குப் பிரிட்டிஷ் தண்டனை எளிதில் எட்டாது. அவர் பின்னர் ஜெர்மானியத் தூதுக்குழுவோடு ஆப்கானிஸ்தான் திசையில் சென்றது, வீடு திரும்பும் வழியாகவும் இருந்தது. இவற்றில் எது முதன்மையான காரணம் என்று நான் எழுதவில்லை; எவையெல்லாம் சாத்தியமாயின என்று மட்டும் எழுதினேன். தில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவருடைய குறிப்பேடு ஒன்று இருக்கிறது. அதில் உருதுச் சொற்களுக்கு ஆங்கிலச் சொற்களை எழுதிப் பழகியிருக்கிறார்: பசி, தேனிலவு போன்றவை அவை. அரசியல் கோப்பில் வெறும் துரோகியாக இருந்த மனிதரைப் பற்றி இந்தச் சொற்பட்டியல் சொல்வது, புதிய நாட்டில் பேசிப் பழக விரும்பினார் என்பதைத்தான். அதற்கு மேல் அதிலிருந்து எதையும் பிழிந்தெடுக்கக் கூடாது.

கடிதத்துக்கு வெளியே ஓர் ஒலிச்சான்றும் உண்டு. பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃப் என்னும் ஊரில் இருந்த பிறை நிலா முகாமில், போர்க் கைதிகளின் குரல்களை மொழி ஆய்வுக்காக ஜெர்மானியர் இசைத்தட்டில் பதிந்தார்கள். 1916 திசம்பரில் மால் சிங் என்ற பஞ்சாபியர் பேசியதில், இந்துஸ்தானத்தில் வெண்ணெய் தின்ற ஒரு மனிதன் இருந்தான், அவன் ஐரோப்பியப் போருக்கு வந்தான், ஜெர்மனி அவனைப் பிடித்துக்கொண்டது, அவன் ஊருக்குப் போக விரும்புகிறான் என்று தம்மையே படர்க்கையில் சொல்கிறார். தாம் பேசுவதை யார் கேட்கிறார்கள் என்பதை அறிந்த ஒரு கைதியின் பேச்சு இது. முன்கூட்டியே எழுதிப் பழகிய உரைகள் இவை என்பதையும் மறக்கக் கூடாது. ஆயினும் ஏக்கத்தைச் சொல்ல அவர் தேர்ந்தது பால், வெண்ணெய் பற்றிய பேச்சு என்பது, எந்த அதிகாரியின் அறிக்கையிலும் கிடைக்காத செய்தி.

1917, 1918ஆம் ஆண்டுகளுக்குப் போவதாக இருந்தால் சான்றுகளை மாற்ற வேண்டும். அப்போது பஞ்சாபில் மாவட்டம்தோறும் ஆள் எண்ணிக்கை ஒதுக்கப்பட்டு, ஜைல்தார்கள், லம்பர்தார்கள் எனப்பட்ட வட்டார, கிராமத் தலைவர்கள் ஆள் பிடித்தார்கள். 1919ஆம் ஆண்டுக் கலவரங்களுக்குப் பின் காங்கிரசு அமைத்த பஞ்சாப் விசாரணைக் குழு திரட்டிய சாட்சியங்களில் இந்த வற்புறுத்தல் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. அந்தக் குழுவுக்கும் அரசை எதிர்க்கும் நோக்கம் இருந்ததால், மாவட்ட நிர்வாகக் குறிப்புகளோடு வைத்துப் படிக்க வேண்டும். 1915இன் கடிதத்தை 1918இன் கட்டாய ஆள் சேர்ப்புக்குச் சான்றாக வைப்பது, திருத்துபவர் உடனே கண்டுபிடிக்கும் குறை.

வாய்மொழித் தேர்வில் என்னிடம் கேட்ட கேள்வி, இந்தக் கடிதங்கள் எத்தனை பேரைப் பிரதிநிதித்துவப்படுத்துகின்றன என்பது. எண்ணிக்கையில் பிரதிநிதித்துவம் கோரவில்லை என்றும், ஒரு சிப்பாயால் எதையெல்லாம் நினைக்கவும் சொல்லவும் முடிந்தது என்ற எல்லையை மட்டுமே அவை காட்டுகின்றன என்றும் சொன்னேன். அடுத்து, ஒவ்வொரு மேற்கோளுக்கும் கீழே தேதி, எழுதியவரின் சமூகம், எழுதிய இடம், யாருக்கு எழுதியது, மூல மொழி ஆகியவற்றை ஏன் கொடுத்திருக்கிறாய் என்று கேட்டார்கள். மருத்துவமனையிலிருந்து தந்தைக்கு எழுதியதும், பதுங்குகுழியிலிருந்து நண்பனுக்கு எழுதியதும் ஒரே தட்டில் வைக்கத்தக்கவை அல்ல என்றேன். தேர்வாளர்களில் ஒருவர் அந்த அடிக்குறிப்புகளைப் பின்னிணைப்பில் அட்டவணையாக்கித் தரும்படி கேட்டுக்கொண்டார்.