புகைக்காதவரிடம் அந்த மரபணு என்ன செய்யும்?

கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனையில் புள்ளியியல் பார்க்கிறேன். மனநலப் பிரிவில் பயிற்சியில் இருக்கும் தம்பி ஒருவர் ஒரு நாள் மேலே ஏறி வந்தார். "அண்ணே, சிகரெட் பிடித்தால் மனச்சிதைவு வரும் என்று மரபணு ஆய்வு நிரூபித்துவிட்டதாம். வியாழக்கிழமை மதியக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசுங்கள், எங்கள் டாக்டர்களுக்குப் புரிகிற மாதிரி" என்றார். சரி என்றேன். அந்தச் 'சரி'க்கு இரண்டு கூட்டங்கள் தேவைப்பட்டன, முதலாவது சொதப்பியதால்.

மனச்சிதைவு உள்ளவர்களில் புகைப்பவர்கள் அதிகம் என்பது வார்டு வாசலில் நின்றாலே தெரியும். புகை நோயைக் கொண்டுவருகிறதா, நோய் புகைக்கத் தூண்டுகிறதா, இரண்டுக்கும் பின்னால் வறுமையோ குழந்தைப்பருவத் துன்பமோ இருக்கிறதா என்பதுதான் சிக்கல். நோயின் தொடக்க அறிகுறிகள் கண்டறிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மெல்லத் தலைகாட்டலாம். அதனால் ஆட்களைப் பின்தொடர்ந்து பார்க்கும் ஆய்விலும் எது முன், எது பின் என்பது குழம்பும்.

மெண்டலியன் ரேண்டமைசேஷன் இங்கே ஒரு குறுக்கு வழி எடுக்கிறது. தாயிடமும் தந்தையிடமும் ஒவ்வொரு மரபணுவுக்கும் உள்ள இரண்டு பிரதிகளில் எது குழந்தைக்கு வரும் என்பது கருவிலேயே குலுக்கல் போல முடிவாகிவிடுகிறது. பிறகு வரும் நோய் அந்த மரபணுவை மாற்ற முடியாது. ஆகவே அதிகம் புகைக்க வைக்கும் மரபணு மாறுபாடு உள்ளவர்களுக்கு நோயும் கூடுதலாக வருகிறதா என்று பார்க்கிறோம்.

நான் எடுத்துக்கொண்ட மாறுபாடு 15ஆம் குரோமோசோமில் உள்ள rs16969968. அது CHRNA5 என்ற மரபணுவில் இருக்கிறது. நிகோட்டின் போய் ஒட்டும் ஏற்பியின் ஒரு துண்டை அமைப்பது அந்த மரபணு. புகைப்பவர்களிடம் இந்த மாறுபாட்டின் ஒவ்வொரு பிரதிக்கும் நாளொன்றுக்குச் சுமார் ஒரு சிகரெட் கூடுகிறது. 2014இல் 36,989 நோயாளிகளை வைத்து வந்த பன்னாட்டு ஆய்வு மனச்சிதைவோடு தொடர்புள்ள 108 மரபணு இடங்களைக் காட்டியது. இந்த இடமும் அதில் ஒன்று. "பாருங்கள், சங்கிலி பொருந்திவிட்டது" என்று பெருமையாக நிறுத்தினேன்.

முன்வரிசையில் இருந்த மூத்த மருத்துவர் கையைக் கூடத் தூக்கவில்லை. "புகையே பிடிக்காதவரிடம் அந்த மரபணு என்ன செய்யும்?" என்றார்.

என் 23 படங்களில் எதிலும் அதற்குப் பதில் இல்லை. அவர் தொட்டது இந்த முறையின் மிகப் பலவீனமான நிபந்தனையை. மரபணு நோயைப் பாதித்தால், புகை என்ற ஒரே வழியாகத்தான் பாதிக்க வேண்டும். நிகோட்டின் ஏற்பியோ நுரையீரலுக்காக மட்டும் உள்ளதல்ல, மூளையிலும் இருக்கிறது. ஒரு சிகரெட்டைக் கூடத் தொடாதவரின் மூளையிலும் அது வேலை செய்கிறது. அந்த வேலையே நோய்க்கு நேரடிப் பாதையாக இருந்தால் என் சங்கிலி அறுந்தது.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ஒருபோதும் புகைக்காதவர்களைத் தனியாக எடுத்து, அவர்களிடமும் மாறுபாடு நோயோடு தொடர்பு காட்டுகிறதா என்று பார்ப்பது. காட்டினால் புகை தவிர வேறு வழியும் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஆனால் மனச்சிதைவின் பெரிய மரபணுத் தொகுப்புகளில் வெளிவரும் எண்கள் புகைப்பவர், புகைக்காதவர் என்று பிரிக்கப்படாமல் வருகின்றன.

அங்கேதான் என் கணக்கின் இன்னொரு ஓட்டையும் தெரிந்தது. இந்த முறையின் எளிய கணக்கு ஒரு வகுத்தல்தான்: மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு மேலே, மரபணுவுக்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பு கீழே. இரண்டாம் கூட்டத்தில் இதைக் கற்பனை எண்களால் பலகையில் எழுதிக் காட்டினேன். புகைப்பவர்களிடம் ஒரு பிரதிக்கு நோயின் லாக் ஆட்ஸ், அதாவது நோய் வாய்ப்பை அளக்கும் ஓர் எண், 0.08 கூடுகிறது, புகைக்காதவர்களிடம் பூஜ்யம் என்று வைப்போம். தொகுப்பில் பாதிப் பேர் புகைக்காதவர்கள் என்றால் கலந்த எண் ஏறக்குறைய 0.04தான். கீழே வரும் 'ஒரு சிகரெட்' மட்டும் புகைப்பவர்களிடம் அளந்தது. 0.08 வர வேண்டிய இடத்தில் 0.04 வருகிறது. மேலே ஒரு கூட்டம், கீழே வேறு கூட்டம்.

வெவ்வேறு வம்சாவளி மக்களைக் கலந்து கணக்குப் பார்க்கக் கூடாது என்பது இன்னொரு நிபந்தனை. அதற்கு நம் ஊரே உதாரணம் தந்தது. கிழக்காசியரிடம் பரவலாக உள்ள ALDH2 மாறுபாடு, குடித்ததும் முகம் சிவக்க வைப்பது, தமிழர்களிடம் கிட்டத்தட்ட இல்லை. கோலாலம்பூர்வாசிகள் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுக் கணக்குப் பார்த்தால், அந்த மாறுபாடு தோசை சாப்பிடுவதைக் குறைக்கிறது என்று முடிவு வரும். அறையே சிரித்தது. ஒரே இனத்துக்குள்ளும் நுட்பமாக இது நடக்கும் என்றபோது சிரிப்பு அடங்கியது. தாயிடமிருந்து மாறுபாட்டைப் பெற்ற குழந்தை, அதிகம் புகைத்த தாயின் வயிற்றிலும் வளர்ந்திருக்கலாம். இரண்டையும் பிரிக்க உடன்பிறந்தவர்களுக்குள் ஒப்பிட வேண்டும்.

தம்பி கொண்டுவந்த 2020ஆம் ஆண்டு ஆய்வு, வகுத்தலில் வரும் சிக்கலைத் தவிர்க்கவே வேறு வழியில் போனது. தொடங்கினாரா, எவ்வளவு, எத்தனை வருடம், எப்போது நிறுத்தினார் என்பதையெல்லாம் ஒரே 'வாழ்நாள் புகைத்தல்' எண்ணாக்கி, புகைக்காதவர்களையும் சேர்த்து, 126 மாறுபாடுகளைக் கண்டெடுத்தது. மனச்சிதைவுக்கு ஆட்ஸ் ரேஷியோ, அதாவது நோய் வாய்ப்பு எத்தனை மடங்காகிறது என்ற விகிதம், 2.27. டாக்டர்கள் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார்கள். எதற்கு 2.27 என்று கேளுங்கள் என்றேன். அந்த வாழ்நாள் எண் ஒரு திட்ட விலகல் கூடுவதற்கு. அந்தக் கட்டுரையின் கணக்கில் அது, நாளுக்கு 20 சிகரெட் 15 வருடம் பிடித்து 17 வருடங்களுக்கு முன் நிறுத்தியவருக்குச் சமம். எதிர்த்திசையிலும், அதாவது நோய்க்கான மரபுவழிச் சாய்விலிருந்து புகைத்தலுக்கு, சிறிய விளைவு தெரிந்தது.

ஆனால் மாறுபாடுகள் 126 ஆனதும் மூத்தவரின் கேள்வி பெரிதாகிறது. அவற்றில் பல, புகைக்கத் தொடங்குவதோடு தொடர்புள்ளவை. தொடங்குவது என்பது பாதி குணம்: அவசரம், துணிச்சல், பொறுமையின்மை. புகைக்கத் தொடங்கும் வயதை எட்டாத குழந்தைகளின் நடத்தையோடும் அத்தகைய மாறுபாடுகள் தொடர்பு காட்டியிருக்கின்றன. எனவே நாம் அளப்பது புகையையா, அவசரக் குணத்தையா?

இதற்கு எக்கர் சோதனை என்று ஒன்று உண்டு. எல்லா மாறுபாடுகளையும் வரைபடத்தில் இட்டுக் கோடு போட்டால், சிகரெட்டில் விளைவு பூஜ்யமாகும் இடத்தில் நோய் விளைவும் பூஜ்யமாக வேண்டும். கோடு அங்கே விலகினால் பக்கவழிகள் ஒரே பக்கம் சாய்கின்றன என்று பொருள். மருத்துவர்கள் தடுக்கி விழுவது இதில்தான். விலகல் தென்படவில்லை என்றதும் 'பக்கவழி இல்லை' என்று படிக்கிறார்கள். இந்தச் சோதனைக்கு வலு குறைவு. அதோடு, பக்கவழியின் அளவும் மாறுபாட்டின் வலிமையும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று அது நம்புகிறது. அவசரக் குணம் புகைத்தலையும் நோயையும் சேர்த்தே இழுத்தால் அந்த நம்பிக்கை அப்போதே உடைகிறது. எனக்கே இந்தப் பாயிண்ட் உறைக்க இரண்டு வாரம் ஆனது.

கடைசியில் தம்பிதான் கேட்டார். "அண்ணே, என் நோயாளி சிகரெட்டை நிறுத்தினால் குரல் கேட்பது குறையுமா?"

தெரியாது, இந்த முறைக்கும் தெரியாது என்றேன். அது ஒப்பிடுவது பிறந்ததிலிருந்து கொஞ்சம் கூடுதலாகப் புகைக்கச் சாய்ந்தவர்களை, நோய் வருகிறதா என்ற கேள்வியில். 40 வயதில் நிறுத்துபவரையோ, வந்த நோயின் போக்கையோ அல்ல.

மூத்த மருத்துவர் திரும்பி, "அவர் குளோசாபின் எடுக்கிறாரா?" என்று தம்பியிடம் கேட்டார். மனச்சிதைவுக்கான மருந்து அது. ஆமாம், சிகரெட்டை நிறுத்தி நான்கு நாள் என்றார் தம்பி. புகையில் உள்ள தார்ப் பொருட்கள், குளோசாபினைச் சிதைக்கும் கல்லீரலின் CYP1A2 நொதியை முடுக்கிவிடுகின்றன. நிகோட்டினுக்கு அதில் பங்கில்லை, ஆகவே தோலில் நிகோட்டின் பட்டை ஒட்டினாலும் ஈடாகாது. புகை நின்றால் நொதி தளரும், அதே மாத்திரையில் ரத்த அளவு ஏறும். தம்பி பாதிச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, ரத்தப் பரிசோதனை எழுத வார்டுக்கு ஓடினார்.