ஐஸ் இல்லாமல் வந்த சாம்பிள்

"மேடம், அமோனியா சாம்பிள் ஐஸ் இல்லாம வந்திருக்கு. எடுத்து முக்கால் மணி நேரம் ஆகுது. போடவா, திருப்பி அனுப்பவா?"

"போடுங்க. ரிமார்க்ல எழுதிடுங்க."

பத்து விநாடிகூட நீடிக்காத பேச்சு. இரண்டு வருஷம் ஆகிறது. லேப் டெக்னீஷியன் தன் வேலையைச் சரியாகச் செய்தார். நானும் சரியாகத்தான் சொன்னேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். ரிமார்க் எழுதச் சொன்னேனே! அவரும் எழுதினார், அறிக்கையின் அடியில் பொடி எழுத்தில். அதை நான் படிக்கவில்லை. மேலே தடித்த எழுத்தில் 214 என்று இருந்தது, அதன் கீழே சிவப்பு மையில் கோடு போட்டேன்.

மே மாசம், அக்னி நட்சத்திரம். எங்கள் ஆஸ்பத்திரி கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பக்கம், லேப் கெடிலம் பாலத்தைத் தாண்டி மஞ்சக்குப்பத்தில். பையன் டூவீலரில் எடுத்துப் போவான். மற்ற பல ரத்தப் பரிசோதனைகளுக்கு இதில் பெரிய குறை வராது. அமோனியாவுக்கு வரும். குழாய்க்குள் போன பிறகும் ரத்தம் சும்மா இருப்பதில்லை. சிவப்பணுக்களிலிருந்தும் பிளாஸ்மாவில் இருக்கும் குளூட்டமினிலிருந்தும் அமோனியா ஊறிக்கொண்டே இருக்கும், வெக்கையில் இன்னும் வேகமாக. அதனால்தான் ரத்தம் உறையாமல் வைக்கும் ஈடிடிஏ குழாயில் எடுத்து, உடனே ஐஸில் வைத்து, கால் மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரிக்கச் சொல்கிறார்கள். கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, 'நல்லா மூடுங்க, நல்லா மூடுங்க' என்று முஷ்டியைப் பிடிக்கச் சொன்னாலும் அளவு ஏறும். அன்று அதுவும் நடந்தது. சிஸ்டரை நான் குறை சொல்ல மாட்டேன். நரம்பு கிடைக்காத ஆளுக்கு எல்லாரும் அப்படித்தான் எடுப்போம்.

ஆள் தேவனாம்பட்டினம், ஐம்பதைத் தாண்டியவர், குடியால் கல்லீரல் சுருங்கிப்போன சிரோசிஸ். நாலு மாசமாகக் குடிக்கவில்லை என்று மனைவி சொன்னார், நான் நம்பினேன். மூன்று மாசத்துக்கு முன்னால் இதே மாதிரி உளறலோடு பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, வயிறு போக வைக்கும் லாக்டுலோஸ் மருந்து குடித்துச் சரியாகி வந்தவர். அந்த டிஸ்சார்ஜ் சம்மரி மஞ்சள் பையில் இருந்தது. அதில் அமோனியா 96.

அன்று 96, இன்று 214. இரண்டு மடங்குக்கு மேல். மனசுக்குள் கணக்கு முடிந்துவிட்டது. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து யோசிக்கும்போதுதான் அலகு கண்ணில் பட்டது. பாண்டிச்சேரி லேப் லிட்டருக்கு மைக்ரோமோலில் கொடுத்திருந்தது, எங்கள் லேப் டெசிலிட்டருக்கு மைக்ரோகிராமில். மைக்ரோமோலை மைக்ரோகிராமாக்க 1.7-ஆல் பெருக்க வேண்டும். 96 என்பது 163. அதாவது 163 இருந்தது 214 ஆகியிருக்கிறது. அதிலும் எவ்வளவு அவர் உடம்பில் இருந்தது, எவ்வளவு பாலத்தின் மேல் வெயிலில் ஊறியது என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் நான் இங்கே கொஞ்சம் ஏமாற்றுகிறேன். ஐஸ், அலகு எல்லாம் எனக்குச் சௌகரியமான தப்புகள். ஒருவேளை அந்த 214 அப்பழுக்கில்லாத 214 ஆகவே இருந்திருந்தாலும், அது எதையும் நிரூபித்திருக்காது. குடலில் உண்டாகும் அமோனியாவைக் கல்லீரல்தான் யூரியாவாக மாற்றுகிறது. கல்லீரல் சுருங்கி, ரத்தம் அதைச் சுற்றிக்கொண்டு பக்கவழியாகப் போகிறவர்களுக்கு அமோனியா கூடுதலாக இருப்பது அன்றாட நிலைமை. அதே அளவோடு தெளிவாகப் பேசிக்கொண்டு, பஸ் ஏறி ஓபிக்கு வந்து, மாத்திரை விலையைப் பற்றி நம்மோடு சண்டை போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க, ஐரோப்பியக் கல்லீரல் சங்கங்கள் 2014-இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி இதைத்தான் சொல்கிறது. நாள்பட்ட கல்லீரல் நோயாளிக்கு அமோனியா கூடியிருப்பதால் மட்டும் என்செஃபலோபதி, அதாவது கல்லீரலால் வந்த மூளைக் குழப்பம், என்று முடிவு கட்ட முடியாது, எந்தப் படியில் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. நார்மலாக வந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. அப்போது 'இது கல்லீரல் குழப்பம்தானா, மறுபடி யோசி' என்கிறது. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு. பரீட்சையில் கேட்டிருந்தால் நான் எழுதியிருப்பேன்.

அப்படியானால் எதற்காக அனுப்பினேன்? நிஜமாகச் சொன்னால், நினைத்தது சரி என்று யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காக. நார்மலாக வந்திருந்தால், சாம்பிள் சரியில்லை என்று நானே சொல்லியிருப்பேனோ என்றுகூடத் தோன்றுகிறது.

மற்றதையெல்லாம் பார்க்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். சுகர் 112. சோடியம் 131, இந்த உளறலுக்கு அது போதாது. கிரியாட்டினின் சரி, ஜுரம் இல்லை, மலம் கறுப்பாகப் போகவில்லை. ஊசி போட்டு எடுத்து நோய்த்தொற்று பார்க்கிற அளவுக்கு வயிற்றில் நீர் இல்லை. தூக்க மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. இரண்டு நாளாக மலம் போகவில்லை என்றார் மனைவி. அது போதுமான காரணமாக இருந்தது. அப்புறம் கை.

இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கி, விரலை விரிக்கச் சொல்வோம். என்செஃபலோபதி இருந்தால் கை நிலைகொள்ளாமல் சட்டென்று விழுந்து எழும், கோழி இறக்கையடிப்பது மாதிரி. அதைத்தான் ஃபிளாப் என்போம். இடது கை இரண்டு தடவை அப்படி அடித்தது. வலது கையை அவர் தூக்கவே இல்லை. நான் பிடித்துத் தூக்கிவிட்டேன், மெல்லச் சரிந்து போர்வைமேல் விழுந்தது. மறுபடி தூக்கினேன், மறுபடி சரிந்தது. 'தூங்கி வழிகிறார், ஒத்துழைக்கவில்லை' என்று எடுத்துக்கொண்டு, கேஸ் ஷீட்டில் 'ஃபிளாப் இருக்கிறது' என்று எழுதினேன். ஒரு கையின் கதையை இரண்டு கைக்கும் எழுதிவிட்டேன். இந்த நோயில் கை விழுந்தால் இரண்டு பக்கமும் விழும். ஒரு பக்கம் மட்டும் சரிந்தால் அது வேறு கதை. அந்தக் கையின் கனம் இப்போதும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

மனைவி இன்னொன்றும் சொன்னார். "நாலு நாளா தலைய வலிக்குதுன்னு தைலம் தேய்ச்சிக்கிட்டே இருந்தாரு மேடம்." வெயில் என்றேன்.

அவரிடம் நான் கொடுத்த விளக்கம் எல்லாரும் கொடுப்பதுதான். லிவர் கெட்டுப்போனால் அமோனியா மூளைக்கு ஏறும்மா, இதோ பாருங்க 214 இருக்கு, மருந்து கொடுத்து வயிறு போனால் இறங்கிடும். லாக்டுலோஸ் 30 மில்லி, மலம் போகிறவரை மணிக்கொரு தடவை. காலையில் மூன்று தடவை போயிருந்தது. ஆள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து "வாங்க" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. மறுபடி ரத்தம் அனுப்பச் சொன்னேன். இந்தத் தடவை சிஸ்டர் கேன்டீனிலிருந்து ஐஸ் வாங்கி டிபன் பாக்ஸில் போட்டு அனுப்பினார். 118 வந்தது. பாதியாக இறங்கிவிட்டது என்று மனைவியிடம் காட்டினேன். அவர் எண்ணைப் பார்த்துவிட்டுக் கணவரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஐஸில் வைக்காததையும் ஐஸில் வைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'மருந்து கேட்கிறது' என்று சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு டியூட்டி மாறி வந்த சிஸ்டர், "மேடம், வலது கையில டம்ளரே பிடிக்க மாட்டேங்கிறார், வாயோரமா காபி வழியுது" என்றார். அமோனியாவைப் பற்றி அவருக்கு அக்கறையே இல்லை. எத்தனை என்று கேட்கவும் இல்லை.

ஆறு மணிக்கு சிடி. ஆளை ஆஸ்பத்திரியில் சேர்த்து முப்பத்தோரு மணி நேரம் கழித்து. இடது பக்கம் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே பிறை மாதிரி ரத்தம், பழசும் புதுசும் கலந்து, மூளையை வலப்பக்கம் 7 மில்லிமீட்டர் தள்ளிக்கொண்டு. மனைவியிடம் திருப்பிக் கேட்டதில், மூன்று வாரத்துக்கு முன்னால் கரையில் படகைத் தள்ளும்போது வழுக்கி, தலை பலகையில் இடித்தது என்றார். "ரத்தம்கூட வரலியே மேடம்." குடியால் மூளை சுருங்கியிருப்பவர்களுக்கு அந்த இடைவெளியில் ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும், சின்ன இடியே போதும். பிளேட்லெட் 62,000, ரத்தம் உறைவதைக் காட்டும் ஐஎன்ஆர் 1.7. கசிந்தால் நிற்காது. அதே 2014 வழிகாட்டி, இவர்களுக்கு மண்டைக்குள் ரத்தம் கசியும் அபாயம் குறைந்தது ஐந்து மடங்கு என்று எச்சரிக்கிறது. மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே இப்படி ரத்தம் தேங்கினால் ஆளின் தெளிவு ஏறி இறங்கும் என்பதும் தெரிந்ததுதான். காலையில் அவர் "வாங்க" என்றது மருந்தாலா, அந்த ஏற்ற இறக்கத்தாலா?

உளறலோடு வரும் ஒவ்வொரு சிரோசிஸ்காரருக்கும் சிடி எடுக்க முடியுமா? எங்கள் மாதிரி இடத்தில் முடியாது. முதல் தடவை வருகிறவருக்கு, தலைவலி சொல்கிறவருக்கு, ஒரு பக்கம் பலம் குறைந்தவருக்கு, லாக்டுலோஸ் கொடுத்து ஒன்றிரண்டு நாளில் தெளியாதவருக்கு எடுக்கலாம். இந்தக் கணக்கில் பார்த்தாலும் அவருக்கு இரண்டு காரணம் முதல் மணி நேரத்திலேயே இருந்தன. இன்னொரு பக்கம், இடது கை அடித்தது பொய்யில்லை. மலச்சிக்கல் பொய்யில்லை. என்செஃபலோபதியும் கூடவே இருந்திருக்கலாம். என் சீனியர் இதைத்தான் சொல்லி ஆறுதல் படுத்தினார். இரண்டும் இருந்தது, நீ ஒன்றைப் பிடித்தாய் என்று. சில நாள் இதை ஏற்றுக்கொள்கிறேன். சில நாள், எண் மட்டும் கையில் இல்லாமல் இருந்திருந்தால் இன்னொரு தடவை அந்தக் கையைத் தூக்கிப் பார்த்திருப்பேனே என்று தோன்றுகிறது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிளேட்லெட் ஏற்றி, மண்டையில் துளை போட்டு ரத்தத்தை வடித்தார்கள். பிழைத்துவிட்டார். வலை பின்னுகிற விரல்கள் மட்டும் பழையபடி வரவில்லை.

போன மாசம் ஓபிக்கு வந்தார்கள். அவர் தெளிவாக இருந்தார். வெளியில் போட்ட வண்டியைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். மனைவி மஞ்சள் பையிலிருந்து அந்த அறிக்கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். 214, கீழே என் சிவப்புக் கோடு.

"இது இப்ப எவ்ளோ இருக்குன்னு பாத்துடலாமா மேடம்? நீங்கதான சொன்னீங்க, இது ஏறுனாதான் உளறுவாருன்னு."

தேவையில்லைம்மா, ஆளைப் பார்த்தால் போதும், எண்ணைப் பார்க்க வேண்டாம் என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். பேப்பரை மடித்து உள்ளே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

சிஸ்டரை ஐஸ் எடுத்து வரச் சொன்னேன்.