முதல் எழுத்து I-யா, U-வா?

கிளை அலுவலகங்களின் கணினிகளைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்வது என் வேலை. ஏதாவது நின்றுபோனால் அங்கே இருப்பவர்கள் திரையை ஃபோனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அன்று காலை கணக்குப் பிரிவிலிருந்து ஒரு படம் வந்தது. கூடவே, "சார், சிஸ்டம் ஓபன் ஆகல" என்ற ஒரு வரி.

விண்டோஸ் பிழையில் நின்றுபோகும்போது வரும் நீலத்திரை என்பது மட்டும் தெரிந்தது. நடுவில் டியூப்லைட் வெளிச்சம் பட்டை போட்டிருந்தது, ஃபோன் பிடித்த கையின் நிழலும் விழுந்திருந்தது. எழுத்துகள் எல்லாம் பஞ்சு பஞ்சாக இருந்தன. நான் இன்னொரு வேலையில் இருந்தேன். "படம் தெளிவாக இல்லை மேடம், வேறு அனுப்புங்க" என்று தட்டிவிட்டுப் போய்விட்டேன்.

கால் மணி நேரம் கழித்து அதே படம் வந்தது. அதே வெளிச்சப் பட்டை, அதே கை நிழல். கீழே: "இதைத்தான் முதல்லயே அனுப்பினேன். சரியா பார்த்தா தெரியும்."

எனக்கும் சுள்ளென்றுதான் வந்தது. "அதே படத்தைத்தான் திரும்ப அனுப்பியிருக்கீங்க" என்று அடித்தேன். அனுப்பும் முன், மேலே நான் எழுதியிருந்த பதில் கண்ணில் பட்டது. எது தெளிவாக இல்லை? எந்த வரி வேண்டும்? அதில் ஒன்றுமே இல்லை. அடித்ததை அழித்தேன். ஒருவர் அதே படத்தை மறுபடி அனுப்புகிறார் என்றால் அவர் கண்ணுக்கு அது தெளிவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு எடுக்க வழியில்லாமல் இருக்க வேண்டும். பிறகு தெரிந்தது, அன்று இரண்டுமே உண்மை.

சரி, இருக்கிற படத்திலிருந்தே எவ்வளவு எடுக்க முடியும் என்று உட்கார்ந்து பார்த்தேன். பெரிதாக்கினால் இன்னும் குழம்பியது; கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் வடிவம் பிடிபட்டது. கீழே QR கட்டம். அதன் பக்கத்தில் Stop code என்று தொடங்கும் வரி; ஏன் நின்றது என்பதை அதுதான் சொல்லும். அதன்பின் அடிக்கோட்டால் இணைந்த மூன்று சொற்கள். நடுச் சொல் சின்னது, BOOT என்று ஊகிக்கலாம். முதல் சொல் நீளமானது, கடைசிச் சொல் நடுத்தரம்.

இங்கேதான் சிக்கல். அந்த அமைப்பில் அடிக்கடி வரும் பிழைக் குறியீடு இரண்டு: INACCESSIBLE_BOOT_DEVICE, UNMOUNTABLE_BOOT_VOLUME. ஒன்றில் 24 இடம், இன்னொன்றில் 23. மங்கலான படத்தில் இரண்டும் ஒரே அச்சு. ஆனால் போகிற பாதை வேறு. முதலாவது என்றால், விண்டோஸுக்கு வட்டையே அணுக முடியவில்லை. டிரைவர் கெட்டதா, பயாஸில் சேமிப்பக முறை மாறிவிட்டதா, சமீபத்தில் ஏதாவது அப்டேட் ஏறியதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது என்றால், பெரும்பாலும் வட்டு தெரிகிறது, அதிலிருக்கும் கோப்பு முறைமை சிதைந்திருக்கிறது. ஊகித்து ஒன்றைச் செய்யச் சொன்னால் அவருடைய அரை நாள் போய்விடும். எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு எழுத்துதான்.

இப்படி எழுதினேன்:

"மேடம், முதல் தடவை நான்தான் சரியாகச் சொல்லவில்லை. படத்தில் நீலத்திரையும், கீழே QR கட்டமும், பக்கத்தில் Stop code வரியும் தெரிகிறது. அந்த வரியில் மூன்று சொற்கள், நடுவில் BOOT. முதல் சொல் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அது I-யில் தொடங்குகிறதா, U-விலா? உங்கள் ஃபோனில் இருக்கிற படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துச் சொன்னால் போதும். புதுப் படம் வேண்டாம்."

மன்னிப்பை ஒரே வரியோடு நிறுத்தினேன். கோபமாக இருப்பவரிடம் மூன்று தடவை மன்னிக்கவும் சொன்னால், வேலையைத் தள்ளிப்போடுகிறான் என்றுதான் படும். அடுத்து, தெரிந்ததை எண்ணிச் சொன்னேன். "சரியா பார்த்தா தெரியும்" என்ற குத்தலுக்கு வேறு பதில் இல்லை. கடைசியில் ஒரு எழுத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. "புதுப் படம் வேண்டாம்" என்ற மூன்று சொற்கள்தான் உண்மையில் இறுக்கத்தைத் தளர்த்தின என்று நினைக்கிறேன்.

இரண்டு நிமிடத்தில் பதில்: "U. UNMOUNTABLE BOOT VOLUME. எனக்கு நல்லா தெரியுதே சார்? அந்த ஸ்கிரீன் இப்ப வரல, வேற ஏதோ ரிப்பேர்னு வருது. எப்படி மறுபடி எடுக்கறது?"

அப்போதுதான் முழுக்கதையும் விளங்கியது. நீலத்திரை சில நொடிகளில் மறைந்து கணினி தானாக மறுதொடக்கம் ஆகியிருக்கிறது. சில தடவை தோற்றதும் பழுதுபார்க்கும் திரைக்குப் போய்விட்டது. இல்லாத திரையைத்தான் நான் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவர் ஃபோனில் தெளிவாக இருந்ததும் பொய்யில்லை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். எழுத்தின் ஓரங்கள்தான் முதலில் கரையும். கேலரியிலிருந்து எத்தனை தடவை திரும்ப அனுப்பினாலும் அதே கதிதான். அதே கோப்பை ஆவணமாக இணைத்தால் சுருங்காமல் வரும். அதை அவரிடம் அப்போது சொல்லவில்லை. கணினி ஓடாமல் நிற்கும்போது அந்தப் பாடம் யாருக்கு வேண்டும்?

ஆனால் ஒன்று: படம் எடுக்கும்போதே கை ஆடியிருந்தால் ஆவணமாக அனுப்பியும் பயனில்லை. அப்போது நினைவில் இருப்பதைக் கேட்க வேண்டியதுதான். அதற்கும் "என்ன எழுதியிருந்தது?" என்று கேட்பதைவிட, "கடைசிச் சொல் DEVICE-ஆ, VOLUME-ஆ?" என்று கேட்டால் பதில் வரும்.

அப்புறம் ஃபோனில் கூப்பிட்டேன். முதலில் கேட்டது, வட்டிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறதா என்று. வந்திருந்தால் மேற்கொண்டு எதையும் ஓட்டவிட்டிருக்க மாட்டேன். சாகப்போகிற வட்டை முழுக்கப் படிக்கவைத்தால் இருப்பதும் போகலாம். சத்தம் இல்லை, முக்கியக் கோப்புகளும் சர்வரில் இருந்தன. பழுதுபார்க்கும் திரையில் Troubleshoot, அதற்குள் Advanced options, அதற்குள் Command Prompt. அங்கே டிரைவ் எழுத்து மாறியிருக்கலாம் என்பதால் `dir C:` அடித்து, Users, Windows என்ற இரண்டும் வருகிறதா என்று படிக்கச் சொன்னேன். வந்தன. பிறகு, வட்டைச் சோதித்துச் சரிசெய்யும் கட்டளை:

```
chkdsk C: /r
```

"இது நெடுநேரம் ஓடும், ஒரே எண்ணில் நிற்கிற மாதிரி இருக்கும், பவரை மட்டும் அணைத்துவிடாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். சொல்லாமல் விட்டிருந்தால் நின்றுபோன எண்ணின் படம் ஒன்று வந்திருக்கும்.

மதியத்துக்கு மேல் கணினி எழுந்தது. வட்டில் மோசமான செக்டர் சிலவற்றை chkdsk கண்டுபிடித்திருந்ததால் வட்டை மாற்ற ஏற்பாடு செய்தேன். மாலையில் மேடத்திடமிருந்து ஒரு வரி: "சார், அந்தப் படத்தை இப்ப அழிச்சிடலாமா?"

வட்டு மாற்றும்வரை வைத்திருங்கள் என்றேன்.