மூன்றாவது வாய்

டிசம்பர் 19

வாடை ஓயவில்லை. சினையாடு வெள்ளைச்சி நேற்றிலிருந்து காலால் மண்ணைக் கிளறுகிறாள். வாலடியில் எலும்பின் இருபுறமும் தசைநார் தளர்ந்து குழிவிழுந்துவிட்டது. கொட்டிலின் வடக்குப் பக்கத்துக்குக் கிடுகை இரட்டையாகக் கட்டி, புது வைக்கோல் போட்டேன். தொலைபேசி அழைப்பு வரவில்லை.

டிசம்பர் 20, விடியப்புறம்

மூன்று.

டிசம்பர் 20, மத்தியானம்

முதலில் கிடாய், பத்து நிமிடத்தில் மறி. இரண்டையும் அவளே நக்கித் துடைத்தாள். நான் தேநீர் வைக்கப் போனேன். திரும்பி வந்தபோது வைக்கோலின் ஓரத்தில் இன்னொன்று ஈரத்தோடு கிடந்தது. அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

விரலை வாய்க்குள் விட்டேன். கிணற்றுக்கட்டுப் போலக் குளிர்ந்திருந்தது. வெப்பமானியில் 36.1. நல்ல குட்டிக்கு 39 இருக்கவேண்டும். மாமி கொட்டில் வாசலில் நின்று, “பசியில் கிடக்கிறது பிள்ளை, வாயில் பாலை ஊற்று” என்றா. ஊற்றவில்லை. குளிர்ந்த குட்டிக்கு விழுங்கத் தெரியாது, பால் நெஞ்சுக்குள் இறங்கிவிடும். தப்பி வயிற்றுக்குப் போனாலும் குடல் விறைத்துக் கிடக்கும்.

இவருடைய பழைய சாரத்தால் தோல் சிவக்கத் தேய்த்தேன். மீன் ஏற்றுகிற ரெஜிபோம் பெட்டியில் சாக்கை விரித்து, வெந்நீர்ப் போத்தல் இரண்டைத் துணியில் சுற்றி இருபுறமும் வைத்தேன். துணி இல்லாமல் வைத்தால் தோல் வெந்துவிடும். மின்குமிழ் கட்டலாம் என்றா மாமி. கிடுகுக் கொட்டிலில் அதைக் கட்ட எனக்குத் துணிவில்லை. முக்கால் மணித்தியாலத்தில் 37.8. தலையைத் தூக்கினான், என் விரலைச் சூப்பினான். அதன் பிறகுதான் வெள்ளைச்சியிடம் கறந்த கடும்புப்பால் 70 மில்லிலீட்டர். இரவுக்குள் நான்கு முறை கொடுத்தாகவேண்டும்.

நேரத்தை எண்ணிக்கொண்டே இருக்கிறேன். தாயின் வயிற்றில் இருக்கும்போது ஆட்டுக்குட்டிக்கு நோயெதிர்ப்பு எதுவும் போய்ச் சேருவதில்லை, எல்லாம் கடும்பில்தான். அதை உள்ளே விடுகிற குடலின் கதவு மணிக்கு மணி சாத்திக்கொண்டு வந்து ஒரு நாளில் மூடிவிடும்.

எடை: கிடாய் 2.3 கிலோ, மறி 2.1, இவன் 1.4. சின்னன் என்று பெயர் வைத்தாயிற்று.

டிசம்பர் 20, இரவு

தொப்புள். மறியின் கொடி நீளம், சேற்றில் இழுபட்டிருக்கிறது. சின்னனோடு மல்லுக்கட்டிய அந்த நேரம் முழுவதும் அதைக் கவனிக்கவே இல்லை. மூன்று விரல் அகலம் விட்டு நூலால் கட்டி, கொதிநீரில் போட்டெடுத்த கத்தரிக்கோலால் வெட்டினேன். சிறு குப்பியில் அயடீன் ஊற்றி, குப்பியின் வாயை வயிற்றோடு அழுத்தி, குட்டியை ஒருமுறை மல்லாத்தினேன். கொடி முழுவதும் அடிவரை நனையவேண்டும்.

சென்ற ஆண்டு பஞ்சால் ஒற்றிவிட்டு, மேலே மஞ்சளும் சாம்பலும் அப்பினோம். பன்னிரண்டாம் நாள் அந்தக் குட்டியின் முழங்கால் வீங்கியது. அதைப் பற்றி எழுதமாட்டேன்.

டிசம்பர் 21

இரண்டு காம்பு, மூன்று வாய்.

டிசம்பர் 23

மறியின் ஈரத்தைத் துடைத்த சாக்கைச் சின்னன் மேல் தேய்த்து வெள்ளைச்சியிடம் விட்டேன். மோந்தாள், முட்டித் தள்ளினாள். பிடித்துக்கொண்டு குடிக்க விட்டால் நிற்கிறாள், கையை எடுத்ததும் உதைக்கிறாள். ஒருவகையில் அவளுக்குக் கணக்குத் தெரிகிறது. இனிப் போத்தல்தான்.

டிசம்பர் 24

காலையில் மூன்று குட்டிகளின் முழங்கால்களையும் தடவினேன். முழங்காலில் ஒன்றுமில்லை. ஆனால் மறியின் தொப்புளடி என் சுண்டுவிரல் தடிப்புக்கு வந்திருக்கிறது. மற்ற இருவருக்கும் பென்சில் அளவில் காய்ந்துவிட்டது. தொட்டால் முதுகை வளைக்கிறாள். குடிக்க ஓடி வருபவள் இன்று பின்னால் நின்றாள். 40.6.

மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டார். ஐந்து நாள் தொடர்ந்து போடவேண்டும், குட்டி துள்ளுகிறது என்று மூன்றாம் நாளில் நிறுத்தக்கூடாது என்றார். மூட்டுக்கு இறங்கியபிறகு கூப்பிட்டிருந்தால் தன்னாலும் அதிகம் முடிந்திருக்காதாம். சென்ற ஆண்டைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 27

சின்னன் 1.7. தெரு முழுவதற்கும் கேட்கும்படி சிரித்தேன்.

டிசம்பர் 29

ஊசி முடிந்தது. மறியின் தொப்புள் சுருங்கிவிட்டது. முழங்கால்: இல்லை. அழைப்பு: இல்லை.

ஜனவரி 3

சின்னன் 2.2. தொப்புள் கொடிகள் மூன்றும் காய்ந்து விழுந்துவிட்டன.

ஜனவரி 10

பிழை என்னுடையது. நேற்றுக் கலியாணவீடு. சின்னனின் நான்கு நேரப் பாலை இரண்டு நேரமாக்கி, வயிறு முட்டக் கொடுத்துவிட்டுப் போனேன். அதிலும் மாமி கொடுத்த நேரம் பால் ஆறிவிட்டது. இன்று வால் முழுவதும் மஞ்சள் கழிச்சல், கண் குழி விழுந்திருக்கிறது. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே படியவில்லை.

பாலைப் பாதியாக்கி, இடையிடையே ஜீவனி உப்புக்கரைசல் கொடுக்கிறேன், இரண்டையும் கலக்காமல். அவனுடைய எடைக்கு நாளொன்றுக்கு 400 மில்லிலீட்டருக்குள் போதும், அதை நான்காகப் பிரித்து உடல்சூட்டில் கொடுக்கவேண்டும். எனக்குத் தெரியாததா? எடை அதே 2.2. ஒரு கிழமை வீண்.

ஜனவரி 11

பிழுக்கை இறுகுகிறது.

ஜனவரி 15

பொங்கல். யாரும் வரவில்லை. முற்றத்தில் சர்க்கரைப் பொங்கல், கொட்டிலில் முள்முருக்கைக் குழை. குட்டிகளின் வாய் உயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டேன். பெரிய இரண்டும் பத்து நாளாகவே கொறிக்கின்றன. சின்னன் இலையை மோந்துவிட்டு என் சேலைத் தலைப்பைச் சப்பினான். போத்தல் பிள்ளைக்கு இலை தின்னக் காட்டிக்கொடுக்கத் தாய் இல்லை. அதனால் பகலில் மறியோடு அடைக்கிறேன், பார்த்துப் பழகட்டும்.

ஜனவரி 24

சின்னன் படுத்திருந்து அசை போட்டான். தாடை பக்கவாட்டில் போய்வந்தது. மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஆடு அசை போடுகிறதைப் பார்க்கவா அடுப்பில் இருந்தவளைக் கூப்பிட்டாய்?” என்றா. பிறகு அவவும் குந்தியிருந்து பார்த்தா.

பிப்ரவரி 7

4.1. முழங்காலைத் தடவுகிற பழக்கம் இன்னும் விடவில்லை.

மார்ச் 7

பதினொரு கிழமை. கிடாய் 9.5, மறி 8.8, சின்னன் 6.2.

பிறந்த எடையின் இரண்டரை மடங்கு வந்தால் பாலை மறக்கடிக்கலாம் என்பார்கள். அந்தக் கணக்குப்படி 3.5 கிலோவிலேயே சின்னனை நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தியிருந்தால் இன்று இருந்திருக்கமாட்டான். சிறியதாய்ப் பிறந்த குட்டிக்கு அந்த மடங்கு ஏமாற்றும். நான் பார்ப்பது தீன் தட்டை. பெரிய இரண்டும் தவிடும் பிண்ணாக்கும் ஆளுக்கு இரண்டு கைப்பிடி தின்று, குழைக்கட்டில் காம்பை மட்டும் மிச்சம் விடுகின்றன. சின்னன் அரைக் கைப்பிடி தின்றுவிட்டுப் போத்தலைத் தேடுகிறான்.

ஆகவே பெரிய இரண்டுக்கும் இன்று தொடக்கம். இரவில் தாயிடமிருந்து பிரித்து, காலையில் கறந்தபிறகு விடுவேன். பத்து நாளில் அதையும் நிறுத்துவேன். கொட்டிலும் தீனும் மாறாது, பால் மட்டும் போகும். எல்லாம் ஒரே நாளில் மாறினால் கழிச்சல் வந்து சேரும்.

மார்ச் 8

இரவு முழுவதும் கத்தல். நானும் தூங்கவில்லை, கத்தலால் மட்டும் அல்ல.

மார்ச் 18

பெரிய இரண்டும் மறந்துவிட்டன. வெள்ளைச்சியின் மடி இறுகியிருக்கிறது, சூடு இல்லை. சின்னனுக்கு மூன்று போத்தல் இரண்டாயிற்று. பாலில் தண்ணீர் கலந்து ஏமாற்றச் சொன்னா மாமி. அது வயிற்றை நிரப்பித் தீனைக் குறைக்கும். வேளையைத்தான் குறைக்கவேண்டும்.

மார்ச் 27

ஒரு கைப்பிடி தின்கிறான். ஒரு போத்தல்.

ஏப்ரல் 4

8.1. இன்று போத்தலைக் காட்டவில்லை. படலையடியில் நின்று என்னைப் பார்த்துக் கத்தினான். நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மறியின் குழைக்கட்டில் தலையை விட்டு இழுத்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 6

7.9. இந்த இறக்கம் எதிர்பார்த்ததுதான். பிழுக்கை உருண்டையாக இருக்கிறது. வரும் சனிக்கிழமை மறுபடியும் நிறுக்க

தொலைபேசி அடிக்கிறது.