அந்த ஒரு வரியை எடுத்துவிடச் சொன்னார் டாக்டர்

"தோல் மெலியும்னு நாமளே எழுதிக் கொடுத்தா, அப்புறம் யாரு பூசுவாங்க? அந்த வரியை எடுத்துடுங்க."

டாக்டர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. எக்ஸிமா என்கிற கரப்பானுக்கான ஸ்டீராய்டு களிம்பை எப்படிப் பூசுவது என்ற குறிப்புத்தாளின் தமிழ் வடிவத்தை, மொழிபெயர்ப்பாளரான நான் அவர் மொழியில் வரிவரியாகச் சொல்லிக்கொண்டுவர, இருவரும் சேர்ந்து சரிபார்த்துக்கொண்டிருந்தோம். களிம்பை எழுதிக் கொடுத்து அனுப்பிய பிறகும் பூசாமலே திரும்பி வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறவர் அவர். நான் எடுக்க மாட்டேன் என்றேன். இங்கே வருகிற எல்லோரும் அந்தப் பயத்தோடுதான் வருகிறார்கள். தாளில் அது இல்லையென்றால் நாம் மறைக்கிறோம் என்றுதான் நினைப்பார்கள் என்று வாதாடினேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்றார். வரி தங்கிவிட்டது. அன்று சொன்ன அந்தக் காரணம் சரிதானா என்பதுதான் இன்னும் எனக்குத் தெளியவில்லை.

அளவு பற்றிய பகுதியில் எங்களுக்குள் தகராறே இல்லை. பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை ட்யூபிலிருந்து நீளமாகப் பிதுக்கினால் வருவது ஒரு விரல்நுனி அளவு. ஏறக்குறைய அரை கிராம். பெண்களின் விரலில் சற்றுக் குறையும். பெரியவரின் இரண்டு கைகள் மூடுகிற அளவு இடத்துக்கு அது போதும். கை என்றால் விரல்களைச் சேர்த்து வைத்து, மணிக்கட்டு முதல் விரல்நுனி வரை. "உள்ளங்கை" என்று மட்டும் எழுதினால் விரல்களை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறார்கள், அளவு மாறிப்போகிறது. குழந்தைக்குப் பூசும்போதும் அளப்பது பெரியவரின் விரலில்தான், குழந்தையின் விரலில் அல்ல. இதைத் தனி வரியாகத் தடித்த எழுத்தில் போட்டோம். "முதல் கோடு" என்பதையும் சிலர் விரலின் அடியிலிருந்து எண்ணினார்கள். அதனால் பக்கத்தில் படம் வரைந்தோம். ட்யூபின் வாய் 5 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கு. சிறிய ட்யூபின் வாய் ஒடுங்கியிருந்தால் அதே நீளத்தில் மருந்து குறைவாகத்தான் வரும்.

இதெல்லாம் அளந்து பார்க்கக்கூடிய விஷயம். பயத்தை அப்படி அளக்க வழியில்லை. தாளில் நான் எழுதியிருந்தது இது: "வீரியமான களிம்பை நீண்ட நாள் இடைவிடாமல் பூசினால் தோல் மெலியலாம். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை பூசினால் அப்படி நடப்பது அரிது." இரண்டு வாக்கியங்களும் உண்மை. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்று நினைத்துத்தான் அடுத்தடுத்து வைத்தேன்.

சில மாதம் கழித்து, நான்கு வயதுப் பையனை அழைத்துக்கொண்டு ஓர் அம்மா மறுபரிசோதனைக்கு வந்தார். டாக்டருக்குத் தமிழ் பேச வராது என்பதால் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். பையனின் இரண்டு முழங்கை மடிப்பிலும், இரண்டு முழங்காலின் பின்புறத்திலும் கரப்பான். சொறிந்து சொறிந்து முழங்காலின் பின்பக்கத் தோல் தடித்துக் கருத்திருந்தது. மிதமான வீரியமுள்ள களிம்பு, நாளுக்கு ஒரு தடவை, இரண்டு வாரத்துக்கு என்று கொடுத்திருந்தார்கள். "ஒண்ணும் குறையலைங்க, இந்த மருந்து இவனுக்குக் கேக்கல" என்றார் அம்மா. டாக்டர் அடுத்த வீரியத்துக்குப் போகலாமா என்று யோசிக்கத் தொடங்கி, அதற்கு முன் ட்யூபைக் காட்டச் சொன்னார்.

ட்யூப் பையிலேயே இருந்தது. கணக்கு எளிது. நான்கு இடமும் சேர்ந்து பெரியவரின் நான்கு கைகள் அளவு வரும். அதற்கு நாளுக்கு இரண்டு விரல்நுனி அளவு, அதாவது கிட்டத்தட்ட ஒரு கிராம். இரண்டு வாரத்தில் 14 கிராம். அம்மாவின் விரல் சிறியது என்று கழித்தாலும் 11 கிராமாவது போயிருக்க வேண்டும். கொடுத்தது 15 கிராம் ட்யூப். அது முடியும் தறுவாயில் இருந்திருக்க வேண்டும். ஆனால் கழுத்துப் பக்கம் மட்டும் லேசாக அமுங்கி, மற்றபடி முழுசாக இருந்தது.

"எவ்வளவு பூசுனீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு இடத்துக்கு ஒரு பொட்டு வச்சுத் தேச்சேன். அதுவும் தினமும் இல்ல. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை." பிறகு மடித்து வைத்திருந்த எங்கள் தாளை எடுத்து விரித்து, விரலை வைத்துக் காட்டினார். "நீங்களே போட்டிருக்கீங்களே அக்கா, தோல் மெலியும்னு." முதல் வாக்கியத்தின் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார். இரண்டாம் வாக்கியத்தின் கீழே கோடு இல்லை.

இதை நான் டாக்டருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன்.

அந்த அம்மா தாளைப் படித்த பிறகுதான் பயந்தாரா? இல்லை என்று அவர் பேச்சிலேயே தெரிந்தது. அவருடைய அண்ணி, முகம் வெளுக்க வேண்டும் என்று யாரோ சொன்ன களிம்பை மாதக்கணக்கில் பூசியிருக்கிறார். முகம் சிவந்து, மெல்லிய ரத்தநாளங்கள் வெளியே தெரிந்து, வெயிலில் போனாலே எரிகிற நிலைக்கு வந்துவிட்டது. அந்தக் களிம்பிலும் ஸ்டீராய்டுதான் இருந்தது. ஆக, அந்த அம்மாவின் பயம் கட்டுக்கதை இல்லை. வீரியமான மருந்து, முகத்தின் மெல்லிய தோல், மாதக்கணக்கில் இடைவிடாத பயன்பாடு என்று தோலை மெலியவைக்கும் காரணங்கள் எல்லாம் அங்கே ஒன்றாகச் சேர்ந்திருந்தன. பையனின் முழங்காலில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. இந்த வேறுபாட்டை என் தாள் சொல்லியிருக்க வேண்டுமா, அல்லது எந்தத் தாளாலும் அதைச் சொல்லிவிட முடியாதா? இதில்தான் நான் இரண்டு பக்கமும் மாறி மாறி நிற்கிறேன்.

வரியை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அண்ணியின் முகம் அவருக்கு நினைவிருந்திருக்கும், தாள் மௌனமாக இருந்திருக்கும். அப்போதும் பொட்டு வைத்துத்தான் தேய்த்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் இப்போது அந்தப் பயத்துக்கு அச்சிட்ட சாட்சி ஒன்று கிடைத்துவிட்டது. வீட்டில் யாராவது "பூசாதே" என்றால் காட்டுவதற்கு ஒரு தாள். இதை யோசிக்கும்போது டாக்டர் பக்கம் சாய்கிறேன். அடுத்த நிமிடமே, தாள் இருந்ததால்தானே அவர் விரலை வைத்துக் கேட்டார், இல்லையென்றால் கேட்காமலே வேறு மருந்து வாங்கிக்கொண்டு போயிருப்பாரே என்றும் தோன்றுகிறது. அதுவும் இன்னும் வீரியமான மருந்து. மெலியும் என்று பயந்து குறைவாகப் பூசுவது, மெலிய வைக்கும் வாய்ப்பு அதிகமுள்ள மருந்தின் பக்கமே ஒருவரைத் தள்ளிவிடுகிறது. அன்று ட்யூபைக் காட்டச் சொல்லாமல் விட்டிருந்தால் அதுதான் நடந்திருக்கும்.

அம்மா கேட்ட அடுத்த கேள்வி என்னை இன்னும் தொந்தரவு செய்கிறது. "அரிதுன்னு போட்டிருக்கீங்க. என் பிள்ளைக்கு அது வந்துடுச்சுன்னா நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

தாளில் இதற்குப் பதிலே கிடையாது. டாக்டர் பொறுமையாகச் சொல்லச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். தோலின் உறுதிக்குக் காரணமான கொலாஜன் உண்டாவதை ஸ்டீராய்டு மட்டுப்படுத்தும். அது நீண்ட நாள் நீடித்தால் தோல் பளபளப்பாகி, நுண்ணிய சுருக்கம் விழும். உள்ளே இருக்கும் சின்னச் சின்ன ரத்தநாளம் தெரியும். லேசாக இடித்தாலே கன்றிப்போகும். ஆரம்பத்திலேயே கவனித்து நிறுத்தினால் மேல்தோல் பெரும்பாலும் மீண்டுவிடும். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு வயிற்றில் தெரிவதுபோன்ற வரிகள் விழுந்துவிட்டால் அவை முழுதாகப் போகாது. அக்குள், தொடையிடுக்கு, முகம், கண்ணிமை ஆகிய இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். களிம்பைப் பூசி மேலே இறுகக் கட்டு போட்டால் மருந்து அதிகமாக உள்ளே இறங்கும், அதனால் டாக்டர் சொல்லாமல் கட்டக் கூடாது.

பிறகு டாக்டர் பையனின் முழங்கை மடிப்பைக் காட்டினார். அங்கே ஓர் இடம் மட்டும் சற்று வெளுத்திருந்தது. அம்மா அதைத்தான் மருந்து தோலை அரித்துவிட்டதாக நினைத்து, முதல் வாரத்திலேயே கையை இழுத்துக்கொண்டிருக்கிறார். கரப்பானின் அழற்சி ஆறும்போது மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் இப்படி வெளுத்த திட்டோ கருத்த திட்டோ கொஞ்ச காலம் நிற்கும். மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்கு வரும். அது மெலிவு இல்லை. முழங்காலின் பின்னால் இருந்த சுருக்கமும் மெலிவு இல்லை. சொறிந்ததால் தோல் தடித்ததில் வந்த கோடுகள் அவை. அந்த அம்மா பயந்த இரண்டு அடையாளங்களும் நோயின் அடையாளங்கள். மருந்து போதாததால் வந்தவை என்றுகூடச் சொல்லலாம்.

அதே களிம்பைத்தான் டாக்டர் மறுபடியும் கொடுத்தார். வீரியத்தைக் கூட்டவில்லை. அம்மாவின் விரலிலேயே பிதுக்கிக் காட்டி, நான்கு இடத்துக்கும் இரண்டு விரல்நுனி அளவு என்று பூசவைத்தோம். தோல் வழவழப்பாகி அரிப்பு நின்ற பிறகும் இரண்டு நாள் பூசிவிட்டு நிறுத்த வேண்டும், ஈரப்பதக் களிம்பை மட்டும் நிறுத்தவே கூடாது என்று சொல்லி அனுப்பினோம். பூசும்போது அந்த அம்மாவின் கை தயங்கியது. "இவ்வளவா?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார், டாக்டரை அல்ல. "ஆமாம், இவ்வளவுதான்" என்றேன். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்த முறை அவர்கள் வந்தபோது வேறொருவர் மொழிபெயர்த்திருக்கிறார்.

தாளை இப்போது மாற்றி எழுதியிருக்கிறேன். "தோல் மெலியலாம்" என்ற வரி இன்னும் இருக்கிறது. ஆனால் அது அளவுக்கும் நாள் கணக்குக்கும் பின்னால் போய்விட்டது. அதோடு எந்த வீரியம், எந்த இடம், எவ்வளவு காலம் என்பதைச் சேர்த்தே சொல்கிறது. வெளுத்த திட்டுப் பற்றியும் சொறிந்த சுருக்கத்தைப் பற்றியும் தனியாகச் சேர்த்தேன். உங்கள் இடத்துக்குக் கணக்குப் போட்டால் ட்யூப் எத்தனை நாளில் காலியாக வேண்டும் என்று குறித்துக்கொள்ள ஒரு கட்டமும் வைத்தேன். நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு டாக்டர், தாள் முன்னைவிட நீளமாகிவிட்டது, பாதிப் பேர் கடைசி வரை படிக்க மாட்டார்கள் என்றார். அவர் சொல்வது நடக்கலாம். அப்படியென்றால் முழுதாகப் படிக்காதவருக்கு அந்த வரி கண்ணில் படாமலே போகும், அது டாக்டர் ஆரம்பத்தில் கேட்டதுதான். படிக்கிறவர்களில் யாராவது மறுபடியும் அந்த ஒரு வாக்கியத்தின் கீழே மட்டும் கோடு போடலாம். அதற்காக அதை எடுத்துவிட எனக்கு இன்னும் மனம் வரவில்லை.